நேர்காணல் அழைப்பு மின்னஞ்சல்: நேரத்தை நாமே குறிப்பதா, அவர்களே எடுக்கட்டும் என விடுவதா, கேட்டுவிட்டுக் குறிப்பதா?

நான்கு பேர் கொண்ட தேர்வுக் குழு, எட்டு விண்ணப்பதாரர்கள், கையில் ஒரே ஒரு நாள். ஆளுக்கு 40 நிமிட நேர்காணல். அதன்பின் மதிப்பெண் போடவும் மூச்சு விடவும் 15 நிமிடம். காலை 9.30, 10.25, 11.20, 12.15 என நான்கு பேர், மதிய உணவுக்குப் பின் 2.00, 2.55, 3.50, 4.45 என நான்கு பேர். தாளில் கச்சிதமாக இருக்கிறது. இந்த அட்டவணையை விண்ணப்பதாரர்களுக்குத் தெரிவிக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றும் எங்கே உடைகின்றன என்று பார்த்தால் எதை எடுப்பது என்பது தெளிவாகிவிடும்.

நேரத்தைக் குறித்து அனுப்புவது

அலுவலகத்துக்கு மிக எளிது: ஒரே மின்னஞ்சல், அதில் தேதி, நேரம், இடம், “ஏதேனும் உதவி தேவையெனில் தெரிவிக்கவும்” என்று கடைசியில் ஒரு வரி. சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. 10.25க்கு அழைக்கப்பட்டவர் காது கேளாதவர். சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் வழியே பேச வேண்டும், அதற்குக் கூடுதலாக 15 நிமிடம் தேவை என்று வைத்துக்கொள்வோம். அவர் பதில் எழுதும்போது மற்ற ஏழு பேருக்கும் நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். 11.20 ஆள் 11.35க்கு உள்ளே போவார், 12.15 ஆள் 12.30க்கு. காது கேளாதவரை 12.15க்கு மாற்றினால் இந்தத் தள்ளல் யாரையும் தொடாது, 1.25க்கு மதிப்பெண் முடியும், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் 15 நிமிடம் குறையும். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் 12.15 ஆளிடம் கெஞ்ச வேண்டும். இது தெரிந்துதான் பலர் உதவியே கேட்காமல் வந்து சமாளிக்கிறார்கள்.

எண்ணிக்கை பெரிதாக இருந்து இந்த வழியைத் தவிர்க்க முடியாதென்றால், காலையின் கடைசி இடத்தையும் மாலையின் கடைசி இடத்தையும் காலியாக வைத்து அனுப்புங்கள். எட்டுப் பேருக்குப் பதில் ஆறு பேர்தான் அந்த நாளில் முடிவார்கள் என்பது அதற்கான விலை.

இணைப்பைக் கொடுத்து அவர்களையே எடுக்கச் சொல்வது

பார்க்க நியாயமாகத் தெரியும் வழி இது. நடைமுறையில் முந்திக்கொண்டவருக்கே வசதி. வேலை நேரத்தில் செல்போன் பார்க்க முடியாத ஒருவர் இரவு எட்டு மணிக்கு இணைப்பைத் திறந்தால், காலை 9.30 ஒன்றுதான் மிச்சமிருக்கும். திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு வருபவருக்கு அது கொடுமை. தவிர, எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு. 55 நிமிடம் தேவைப்படுபவர் எந்தக் கட்டத்தையும் எடுக்க முடியாது. சில முன்பதிவுப் பக்கங்களின் நாட்காட்டி, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. மவுஸைத் தொடாமல் டேப், என்டர் விசைகளால் மட்டும் ஒரு இடத்தை எடுத்துப் பார்த்தால் பல சிக்கல்கள் உடனே தெரிந்துவிடும்.

முதற்கட்டத்தில் 15 நிமிடத் தொலைபேசிப் பேச்சுக்கு இது போதும். குழு நேர்காணலுக்கு எடுக்காதீர்கள்.

கேட்டுவிட்டுக் குறிப்பது

இரண்டு மின்னஞ்சல். நேர்காணலுக்கு 14 நாள் முன்பு முதல் மின்னஞ்சல்: தேதி, இடம், வடிவம், குழுவில் எத்தனை பேர், எவ்வளவு நேரம், எழுத்துப் பயிற்சி உண்டா. நேரம் மட்டும் இருக்காது. தேவைகளைச் சொல்ல நான்கு நாள் அவகாசம். எட்டு நாள் முன்பு இரண்டாவது மின்னஞ்சலில் அவரவர் நேரம். பதில் எழுதாதவர்களுக்கு மிச்சமிருக்கும் இடங்கள் போகும் என்பதை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இருவருக்காக எல்லோரும் காத்திருக்க நேரும். சைகைமொழி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய அந்த எட்டு நாள் உதவும். முந்தின நாள் தேடினால் கிடைப்பது கடினம்.

வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் இந்த அளவுள்ள நேர்காணலுக்கு எங்கள் தேர்வு இதுவே.

இதன் பலன், கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. “நீங்கள் மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை” என்பது மோசமான வடிவம். ஆம் என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த அறையை மாற்றுவது, எவ்வளவு நேரம் கூட்டுவது என்று எதுவும் தெரியாது. விண்ணப்பதாரருக்கோ பயம் மட்டும் மிஞ்சும். “ஏதேனும் உதவி” என்பதும் மங்கல். எதைக் கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. கீழே உள்ளதுபோல் எழுதலாம்:

“நேர்காணலில் உங்களுக்கு இவற்றில் எது தேவை என்று எழுதுங்கள்: படிகள் இல்லாத வழி, சைகைமொழி மொழிபெயர்ப்பாளர், கேள்விகளை எழுத்திலும் தருதல், எழுத்துப் பயிற்சிக்குக் கூடுதல் நேரம் அல்லது எழுதித் தருபவர், இடையில் ஓய்வு, குறிப்பிட்ட நேரம், காணொளி வழி நேர்காணல், வேறு ஏதாவது. காரணமோ மருத்துவச் சான்றோ தேவையில்லை. உங்கள் பதில் ஏற்பாடு செய்பவரிடம் மட்டும் இருக்கும், மதிப்பெண்ணைப் பாதிக்காது.”

அடியில் ஒருவரின் பெயரும் நேரடி எண்ணும் வேண்டும். அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளின்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையில் ஒரு தொடர்பு அலுவலரைக் குறிக்க வேண்டும். அவர் பெயரையே இங்கே போடலாம். கூடுதல் நேரம் எவ்வளவு என்று தடுமாறினால், மத்திய அரசு 2018இல் எழுத்துத் தேர்வுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலை அளவாகக் கொள்ளலாம்: ஒரு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல். 30 நிமிடப் பயிற்சிக்கு அது 10 நிமிடம்.

ஆவணங்களும் வழியும்

“அனைத்துச் சான்றிதழ்களுடன் வரவும்” என்றால் சிலர் பத்தாம் வகுப்பு முதல் எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கி வருவார்கள், சிலர் பட்டச் சான்றிதழை மறந்துவிடுவார்கள். பெயர் சொல்லி எழுதுங்கள்: புகைப்பட அடையாள அட்டை ஒன்று, பட்டச் சான்றிதழ், கடைசி நிறுவனத்தின் அனுபவச் சான்று, அசலும் சுய சான்றொப்பமிட்ட ஒரு நகலும். அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவோம் என்றும் சொல்லுங்கள். இடஒதுக்கீட்டில் விண்ணப்பித்தவரின் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைச் சரிபார்ப்பது தனி வேலை. மற்றவரிடம் ஏற்பாடு செய்து தருவதற்காக அதைக் கேட்க வேண்டாம்.

மின்னஞ்சலோடு இணைக்கும் கோப்பிலும் ஒரு கண்ணி உண்டு. கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்; ஸ்கிரீன் ரீடர் அதில் எழுத்தைக் காணாது. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம் அதைவிட வேடிக்கை. ‘அம்மா’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் `mk;kh` என்று வரும், ஸ்கிரீன் ரீடரும் அதைத்தான் வாசிக்கும். விவரங்களை யூனிகோடில் மின்னஞ்சலின் உள்ளேயே எழுதுவது நல்லது.

முகவரிக்குக் கீழே எந்த வாயில், எத்தனையாவது தளம், லிஃப்ட் எங்கே, வாசலில் எத்தனை படி, பாதுகாப்புப் பதிவுக்கு எத்தனை நிமிடம் என்று சேருங்கள். தேதியை 5/6 என்று போட்டால் ஜூன் ஐந்தா மே ஆறா என்ற குழப்பம் வரும். கிழமையோடு மாதப் பெயரையும் எழுதுங்கள். காணொளி வழி வருபவர் துபாயில் இருந்தால் அவர் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னே, சிங்கப்பூரில் இருந்தால் இரண்டரை மணி முன்னே. இரண்டு நேரத்தையும் எழுதிவிடலாம். கூகுள் காலண்டரில் எட்டுப் பேரையும் ஒரே நிகழ்வில் சேர்த்தால், `See guest list` என்பதில் உள்ள டிக்கை எடுக்காதவரை யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆளுக்கொரு தனி நிகழ்வாக அனுப்பினால் இந்தக் கவலையே இல்லை.