கேட்டது 1.3 கிலோ ட்ரைபாடு ஹெட், வந்தது 85 கிராம்: வெளிநாட்டுக் கடையில் வாங்குபவர்கள் கவனிக்கவும்

வெளிநாட்டு ஆன்லைன் கடைகளில் கேமரா சாமான் வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ட்ரைபாடுக்கு ஒரு ஃப்ளூயிட் ஹெட் தேவைப்பட்டது. சீனாவில் இருந்து அனுப்பும் ஒரு கடையில் 92 டாலருக்குப் போட்டிருந்தார்கள். ஹெட்டின் எடை 1.3 கிலோ என்று விளம்பரத்தில் தெளிவாக இருந்தது. பேபால் வழியாகப் பணம் கட்டினேன். வந்தது ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கவர். உள்ளே, மேஜையில் செல்போனை நிறுத்தி வைக்கிற மடக்கு ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஐம்பது ரூபாய்க்கு விற்பார்களே, அதே ரகம்.

ஏதோ ஒரு சாமானை எதற்காக மெனக்கெட்டு அனுப்ப வேண்டும், சும்மா ஏமாற்றிவிட்டுப் போயிருக்கலாமே என்று தோன்றும். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏதாவது ஒன்று நம் முகவரிக்கு வந்து சேர்ந்தால்தான் டிராக்கிங்கில் ‘டெலிவரி ஆனது’ என்று விழும். பிறகு நாம் ‘பொருள் வரவில்லை’ என்று புகார் கொடுத்தால் அவர்கள் டிராக்கிங் எண்ணைக் காட்டுவார்கள். புகார் அதோடு தள்ளுபடி. அதனால் ‘வரவில்லை’ என்று புகார் கொடுக்கவே கூடாது. ‘வந்த பொருள் விளம்பரத்தில் சொன்னதல்ல’ என்ற வகையில்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தை விற்றவரே எழுதி, கவரின் மேல் ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

தபாலில் வரும் சிறு பொட்டலங்களில் சிஎன் 22 என்ற சுங்க அறிவிப்புச் சீட்டு இருக்கும். உள்ளே என்ன பொருள், எத்தனை, என்ன எடை, என்ன மதிப்பு என்று அனுப்புகிறவர் அதில் எழுத வேண்டும். அன்பளிப்பா, விற்பனைப் பொருளா, மாதிரிப் பொருளா என்று ஒரு கட்டத்தில் குறியும் போட வேண்டும். கீழே, எழுதியதெல்லாம் சரி என்று உறுதி சொல்லும் ஒரு வரி, அனுப்புநரின் கையெழுத்து, தேதி. என் கவரில் முகவரிச் சீட்டும் இதுவும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன. தலைப்புகள் ஆங்கிலத்திலும் இருந்தன, நிரப்பியிருந்தது சீனத்தில்.

செல்போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். முதல் படத்தில் எடை 85 கிலோ என்று வந்தது! பிளாஸ்டிக் மேல் வெளிச்சம் பட்டுப் புள்ளி மறைந்திருக்கிறது. கவரைச் சமமாக நீவி, ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் ஓரம் வைத்து, எண்கள் இருந்த பகுதியை மட்டும் கிட்டத்தில் எடுத்தபோது 0.085 என்று தெளிவாக விழுந்தது. கட்டத்தில் போட்ட குறியையும் எந்த மொழிபெயர்ப்பும் எடுத்துச் சொல்லாது, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நாமே பார்க்க வேண்டும். இந்தச் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாள், வெயிலில் வைத்தால் எழுத்து மங்கிவிடும். கையில் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

மொத்தத்தில் அதில் இருந்தது இதுதான்: செல்போன் தாங்கி, ஒன்று, 0.085 கிலோ, 3 டாலர், அன்பளிப்பு. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் கவரோடு வைத்தேன், 85 கிராம். ஆக, மாறி வந்த பொருள் இல்லை. செல்போன் தாங்கி என்று தெரிந்தே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இதில் நிறையப் பேர் சறுக்குகிற இடம் மதிப்பு. ‘92 டாலர் வாங்கிவிட்டு 3 டாலர் என்று எழுதியிருக்கிறாயே’ என்று கேட்டால், ‘உங்களுக்கு வரி வராமல் இருக்கத்தான் குறைத்து எழுதினோம்’ என்று பதில் தயாராக இருக்கும். ஒழுங்காகப் பொருள் அனுப்புகிறவர்களிலும் சிலர் அப்படி எழுதுவதால், அந்தப் பதில் எடுபட்டும்விடும். (2019 டிசம்பரில் இருந்து நம் நாட்டுக்குத் தபாலில் வரும் அன்பளிப்புக்கு வரிச்சலுகை கிடையாது, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விலக்கு. அன்பளிப்பு என்று குறி போட்டதால் நமக்கு ஒரு நன்மையும் இல்லை.) எடை அப்படியல்ல. தபால்காரர்கள் எடை போட்டுத்தான் கட்டணம் வாங்குகிறார்கள். 1.3 கிலோ பொருளை 85 கிராம் என்று எழுதுவதற்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. எனவே விலையை விட்டுவிட்டு எடையையும் பொருளின் பெயரையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேபாலில் புகாரைத் திறந்து, அதிலேயே விற்றவருக்கு ஒரு சின்னச் செய்தி போட்டேன். நான் எழுதியது எளிய ஆங்கிலத்தில், அந்தப் பக்கம் அவர்களும் மொழிபெயர்த்துத்தான் படிப்பார்கள் என்பதால் குட்டிக் குட்டி வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“வணக்கம். நான் ஆர்டர் செய்தது வீடியோ ட்ரைபாடு ஹெட், ஒன்று. உங்கள் விளம்பரப்படி எடை 1.3 கிலோ. வந்த கவரில் நீங்கள் ஒட்டிய சுங்க அறிவிப்பில் ‘செல்போன் தாங்கி, ஒன்று, 0.085 கிலோ’ என்று உள்ளது. தராசிலும் 85 கிராம். உள்ளே இருந்ததும் செல்போன் தாங்கியே. முழுத் தொகை 92 டாலரைத் திருப்பித் தரவும். விளம்பரம், சீட்டு, தராசு, பொருள் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.”

திருடன், மோசடி என்று ஒரு வார்த்தை இல்லை. கோபம் இல்லாமல் இல்லை. இந்தச் செய்தியை நாளைக்கு மூன்றாவது ஆள் ஒருவர் படித்துத் தீர்ப்புச் சொல்லப் போகிறார், அவருக்கு வேண்டியதை மட்டும் எழுதினேன்.

பதில்கள் வரிசையாக வந்தன. முதலில் ‘கிடங்கில் தவறு நடந்துவிட்டது, 15 டாலர் தருகிறோம், பொருளை வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். மறுத்ததும் 30 ஆனது. அப்புறம் ‘சரியான ஹெட்டை உடனே அனுப்புகிறோம், முதலில் புகாரை மூடிவிடுங்கள்’ என்று கெஞ்சல். இதில் விழுந்துவிடாதீர்கள். பேபாலில் ஒருமுறை மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. பணம் கட்டிய நாளில் இருந்து 180 நாளுக்குள் புகாரைத் திறக்க வேண்டும். திறந்தபின் 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டத்துக்கு, அதாவது பேபாலே விசாரிக்கும் நிலைக்கு, நாம் நகர்த்தாவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். ‘இன்னும் சில நாள் பொறுங்கள்’ என்று அவர்கள் இழுப்பது இந்த 20 நாளைக் கடத்தத்தான். நான் நகர்த்தினேன். உடனே ‘பொருளை உங்கள் செலவில் சீனாவுக்குத் திருப்பி அனுப்புங்கள்’ என்றார்கள். 3 டாலர் மதிப்பு என்று நீங்களே கையெழுத்துப் போட்ட பொருளுக்கு அதைவிடப் பல மடங்கு தபால் செலவா என்று ஒரே வரியில் கேட்டேன். அறிவிப்பில் இருந்த மதிப்பு அங்கேதான் எனக்குப் பயன்பட்டது. அதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. புகார் என் பக்கம் முடிந்து 92 டாலரும் கார்டுக்குத் திரும்பியது. வாங்கும்போது வங்கி பிடித்த அந்நியச் செலாவணிக் கட்டணம் மட்டும் போனது போனதுதான்.

அதே படங்களோடு வேறு பெயரில் ஒரு கடை இப்போது ஓடுகிறது. விலை 89 டாலர். அந்த விளம்பரத்தில் எடை என்ற வரியையே எடுத்துவிட்டார்கள். ஃப்ளூயிட் ஹெட் விற்கிறவர் எடையைச் சொல்லாமல் விற்றால், வாங்கும் முன் எடை எவ்வளவு என்று செய்தி அனுப்பிக் கேளுங்கள். வரும் பதிலையும் விளம்பரப் பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.