கங்கைகொண்டானில் இரண்டு வேலை: 18,000-ஆ, 15,000-ஆ?

மானூர் பக்கத்து ஐ.டி.ஐ. பையன் ஒருவனுக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் இரண்டு வேலை வந்தது. முதலாவது கம்பெனி ரோல்: மாதம் 15,000, எட்டு மணி நேர ஷிப்ட். இரண்டாவது காண்ட்ராக்ட்: 18,000, பன்னிரண்டு மணி நேரம், ஓவர்டைமும் அதிலேயே அடக்கம். "மூவாயிரம் கூட வருதுல்லா அண்ணாச்சி" என்றான். மணிக் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

மாதம் 26 நாள் என்று வைத்தால், காண்ட்ராக்டில் 312 மணி நேர உழைப்பு. மணிக்கு 58 ரூபாய்கூடத் தேறாது. கம்பெனி ரோலில் 208 மணி நேரம், மணிக்கு 72 ரூபாய். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரண்டு மடங்கு, அதாவது 144. மாதம் 16 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தாலே 17,300-ஐத் தாண்டும். மிச்ச 700 ரூபாய்க்குக் காண்ட்ராக்ட்காரன் 88 மணி நேரம் கூடுதலாக நிற்கிறான். வாரம் 72 மணி நேரம் என்பது சட்டத்தின் எல்லைக்குள்ளும் வராது. பி.எஃப். கழிந்தால் 15,000 கையில் குறையும், நிஜம்தான். ஆனால் அதே அளவு முதலாளியும் போட வேண்டும்.

காண்ட்ராக்ட் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் கம்பெனிதான் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழைய ஆட்களின் பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா, ஈ.எஸ்.ஐ. எண் தருகிறார்களா என்று கேட்டால் பாதி தெரிந்துவிடும். கம்பெனி ரோல் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆர்டரில் 'அப்ரண்டிஸ்' என்று இருந்தால் அது வேலையே அல்ல, பயிற்சி, பி.எஃப். வராது.

பாதுகாப்பைப் பார்ப்பதுதான் கஷ்டம். கேட்டில் தொங்கும் 'விபத்தில்லா நாட்கள்' போர்டை நான் பெரிதாக எடுப்பதில்லை. அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் சில இடங்களில் விரலில் கட்டுடன் மறுநாளே கூப்பிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார வைத்து வருகை போட்டுவிடுவார்கள். போர்டில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்பாமல் தனியார் ஆஸ்பத்திரியில் ரொக்கம் கட்டி முடிப்பதும் இந்த வகைதான். காயத்துக்குப் பதிவே இல்லையென்றால், பின்னால் விரல் மடங்காமல் போனாலும் ஊனத்துக்கான ஈ.எஸ்.ஐ. பணம் வாங்குவது பெரும்பாடு.

ஷிப்ட் மாறும் நேரம் டீக்கடையில் இரண்டு கேள்வி போதும். மெஷினில் பொருள் சிக்கினால் யார் எடுப்பது? எடுக்கும்போது மெஷின் ஓடுமா, நிற்குமா? "காண்ட்ராக்ட் பசங்கதான் எடுப்பாங்க, நிறுத்தினா புரொடக்‌ஷன் போயிரும்" என்று பதில் வந்தால், பத்தாவது மணி நேரத்தில் தூக்கக் கண்ணோடு அங்கே கை விடப்போவது யார் என்று தெரிந்துவிடும்.

பையன் விசாரித்தபோது காண்ட்ராக்ட் கம்பெனியில் அந்தப் பதில்தான் வந்தது. மற்றதில் பாதுகாப்பு மூடியைத் திறந்தாலே மெஷின் நின்றுவிடுமாம். 15,000-க்குச் சேர்ந்துவிட்டான்.