எஸ்ஐபியை நிறுத்த இரண்டு வழிகள்: ரத்துக் கோரிக்கையா, காலிக் கணக்கா?

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் தவணையாகக் கட்டும் எஸ்ஐபியை நிறுத்த நினைப்பவர்களில் சிலர், வங்கிக் கணக்கைக் காலியாக வைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஃபண்டு நிறுவனம் எஸ்ஐபியைத் தானே ரத்து செய்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தானியங்கிப் பற்று திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி அபராதம் பிடிக்கும், அதன்மேல் 18% ஜிஎஸ்டி வேறு. அபராதம் 500 ரூபாய் என்றால் மூன்று முறைக்கு 1,770 ரூபாய். சோம்பலுக்கு இது அதிக விலை.

ஃபண்டு நிறுவனத்தின் தளத்திலோ, வாங்கிய செயலியிலோ ரத்துக் கோரிக்கை கொடுக்கக் கட்டணம் இல்லை. தவணைத் தேதிக்குச் சில வேலைநாட்கள் முன்பே கொடுக்க வேண்டும். வங்கியில் தானியங்கிப் பற்றுக்குக் கொடுத்த ஆணையை மட்டும் ரத்து செய்தால் எஸ்ஐபி உயிரோடு இருக்கும், தவணை தோல்வியாகவே பதிவாகும். ஒரே ஆணையில் வேறு எஸ்ஐபிகள் ஓடினால் அவையும் நின்றுபோகும்.

எந்த வழியில் நிறுத்தினாலும் வாங்கிய யூனிட்டுகள் அப்படியே இருக்கும், விற்க வேண்டியதில்லை. மாதம் 1% வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டு கட்டி நிறுத்திய தொகை பத்தாம் ஆண்டில் சுமார் 7.49 லட்சம், நிறுத்தாமல் கட்டியிருந்தால் 11.62 லட்சம். வித்தியாசம் 4.13 லட்சம். அதில் 3 லட்சம் கட்டாத பணமே. இழந்த வளர்ச்சி சுமார் 1.13 லட்சம்தான்.