பேக்கப் இரண்டு இருந்தும் ஐந்து மாதக் கணக்கு போன கதை: கடைக் கம்ப்யூட்டரும் மூன்று வருட அனுபவமும்

போன மாதம் எங்கள் வணிகர் சங்கக் கூட்டத்தில், "கம்ப்யூட்டர் போனா கணக்கைக் காப்பாத்துறது எப்படின்னு நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசுங்கண்ணே" என்றார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. திண்டுக்கல்லில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை. அடி வாங்கியவன் என்பதால்தான் கூப்பிட்டார்கள். பேசியதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என் போனில் இருந்த ஒரு போட்டோவைக் காட்டினேன். 2022 ஆகஸ்டில், கம்ப்யூட்டர் பார்க்க வந்த தம்பி எடுத்தது. CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளின் திரை அது. மேலே மஞ்சள் கட்டத்தில் Caution. கீழே பட்டியலில் C5 என்ற வரிசையில், வரிசையாகப் பூஜ்யங்களுக்குப் பிறகு 128. பார்த்தவர்கள் எல்லோரும் நூற்று இருபத்தெட்டு என்றுதான் படித்தார்கள், அன்றைக்கு நானும் அப்படித்தான். ஆனால் அந்த மென்பொருள் அந்த எண்ணைப் பதினாறின் அடுக்கில் காட்டுகிறது. அந்த 128, நம் கணக்கில் 296. Function, Advanced Feature, Raw Values என்று போய் 10 [DEC] என்று மாற்றினால் நமக்குப் புரிகிற எண்ணாகவே வரும்.

C5 என்றால் என்ன? டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்கப் பார்த்து முடியாமல் போனால், அதைச் சந்தேகப் பட்டியலில் வைக்கிறது. அந்தப் பட்டியலின் எண்ணிக்கைதான் C5. பிறகு அதே இடத்தில் புதிதாக எழுதும்போது சரியாக எழுத முடிந்தால் பெயர் நீங்கிவிடும். முடியாவிட்டால் டிஸ்க் தன்னிடம் உள்ள உபரி இடம் ஒன்றை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளும். அந்த மாற்றங்களின் எண்ணிக்கை 05 என்ற வரிசையில் ஏறும். அதனால் 05 பூஜ்யமாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. C5 ஏறுகிறது என்றால், இந்த நிமிடம் படிக்க முடியாத இடங்கள் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். அந்த இடத்தில் உங்கள் பில் இருக்கலாம், பழைய சினிமாப் பாட்டும் இருக்கலாம்.

அந்த எண் 296-க்குப் போகும்வரை நாங்கள் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வாரமாக டேலி திறக்க ஒரு நிமிடம் ஆனது. பில் போடும்போது திரை அப்படியே நின்றுவிடும், சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், கொஞ்ச நேரம் கழித்து தானாகச் சரியாகும். வைரஸ் என்றான் கடைப் பையன். வைரஸ் ஸ்கேன் போட்டோம், ஒன்றும் இல்லை. தம்பி வந்தபோது முதலில் இந்தக் கட்டளையைத்தான் அடித்துப் பார்த்தார்:

```
wmic diskdrive get model,status
```

OK என்று வந்தது. (விண்டோஸின் புதிய பதிப்புகளில் இந்த wmic வராமல் போகலாம்.) டிஸ்க் தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் இந்த இடத்தில் OK மாறும், அந்த எல்லை மிகவும் தாராளமானது. படிக்க முடியாத இடம் முன்னூறு இருந்தும் டிஸ்க் தன்னைத்தானே நலம் என்று சொல்லிக்கொண்டது. CrystalDiskInfo அப்படி இல்லை, 05, C5, திருத்தவே முடியாமல் போன இடங்களை எண்ணும் C6 ஆகிய மூன்றில் எதிலாவது ஒன்று ஏறினாலே மஞ்சளாகிவிடும்.

மஞ்சளைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான் டிஸ்கை முடித்தது. "பேட் செக்டர் இருக்குண்ணே, ரிப்பேர் போட்டுடலாம்" என்று chkdsk /r ஓடவிட்டுப் போனார். அது டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு இடமாகப் படிக்கும். மூச்சு வாங்குகிற ஆளை மலைக்கோட்டைப் படி ஏற வைத்த மாதிரி. காலையில் வந்து பார்த்தால் டிக், டிக் என்று சத்தம், கம்ப்யூட்டருக்கு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை. மஞ்சள் தெரிந்த அந்த நேரத்தில் செய்திருக்க வேண்டியது வேறு: டேலியை மூடி, டேட்டா ஃபோல்டரை மட்டும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துவிடுவது. ரிப்பேர் எல்லாம் அதற்கப்புறம்.

சரி, பேக்கப் இல்லையா? இரண்டு இருந்தது. அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்னும் எரிச்சலான பகுதி.

ஒன்று, டேலியிலேயே Alt+Y அழுத்தி எடுக்கிற பேக்கப். தினமும் ராத்திரி கடை அடைக்கும்போது பையன் தவறாமல் எடுத்தான். எங்கே? டி டிரைவில். சி வேறு, டி வேறு என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டும் ஒரே பெட்டிக்குள் கோடு போட்டுப் பிரித்த இரண்டு அறைகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். கூட்டத்தில் இதைச் சொன்னபோது மூன்று பேர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொன்று பென்டிரைவில். டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன ஃபைல், இரண்டு முறை தட்டினால் டேலியின் கம்பெனி ஃபோல்டர் பென்டிரைவுக்குப் போய்விடும். இது வேறு பொருள், டிஸ்க்கோடு சாகாது. ஆனால் 2022 ஏப்ரலில் புது வருடக் கணக்குக்குப் புதுக் கம்பெனி தொடங்கியிருந்தோம். பழைய கம்பெனியின் ஃபோல்டர் 10002, புதியது 10003. தட்டுகிற ஃபைலில் 10002 என்றே எழுதியிருந்தது. ஐந்து மாதம் ஒவ்வொரு நாளும், பிழை எதுவும் காட்டாமல், மாறாத பழைய கணக்கையே அது நகலெடுத்துக்கொண்டிருந்தது. சரியான கணக்கு தப்பான டிஸ்கில், சரியான டிஸ்கில் தப்பான கணக்கு.

டேட்டா எடுத்துத் தருகிற இடத்துக்குக் கொடுத்து அனுப்பினோம். 35,000 ரூபாய் வாங்கினார்கள், குறை சொல்ல மாட்டேன், முயற்சி செய்தார்கள். 10003 ஃபோல்டர் திரும்பி வந்தது. ஆனால் பில்கள் இருக்கும் TranMgr.900 என்ற ஃபைலில் பெரும்பகுதி வெறும் பூஜ்யம். டேலி திறக்க மறுத்துவிட்டது.

கணக்கைத் திரும்பக் கட்டியது ஜிஎஸ்டி தளத்தை வைத்துத்தான். ஜூலைக்கான GSTR-1 ஆகஸ்ட் 11-க்குள் போட்டிருந்ததால், ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளுக்குப் போட்ட பில்கள் நான்கு மாதத்துக்கும் எண், தேதி, தொகையோடு அங்கேயே இருந்தன. கொள்முதலை GSTR-2B-யிலிருந்து எடுத்தோம். ஆகஸ்ட் பில்களை, காகிதமாகக் கோத்து வைத்திருந்த நகல்களைப் பார்த்து அடித்தோம். திரும்பி வராதது எலக்ட்ரீஷியன்களின் பற்று. அவர்களுக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது, அந்தச் சில்லறை விற்பனை வரி விகிதவாரியாக மொத்தத் தொகையாகத்தான் தளத்துக்குப் போகிறது. யார், எவ்வளவு என்பது டேலிக்குள் மட்டும்தான் இருந்தது.

ஒருவர் தன் வயர் பைக்குள்ளிருந்து பாக்கெட் நோட்டை எடுத்துக் காட்டி, "அண்ணே, எனக்கு 18,400 நிக்குது, எழுதிக்கோங்க" என்றார். அப்படி வந்தவர்கள் பதினொரு பேர். வராதவர்களும் உண்டு. என் உத்தேசத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கும், சரியாகச் சொல்ல எனக்கே கணக்கு இல்லையே.

அதற்குப் பிறகான ஏற்பாடு மூன்று வருடமாக ஓடுகிறது. இரண்டு போர்ட்டபிள் டிஸ்க், ஒன்றில் A, ஒன்றில் B என்று ஸ்டிக்கர். ஒன்று எப்போதும் வீட்டில். வெள்ளி ராத்திரி வீட்டிலிருப்பதைக் கொண்டுவந்து, எல்லாக் கம்ப்யூட்டரிலும் டேலியை மூடிவிட்டு, இதை ஓட்டிவிட்டு, கழற்றி எடுத்துக்கொண்டு போவேன். பழையது கடையில் பூட்டிய மேஜைக்குள் போகும்.

```
robocopy D:\TallyData F:\Tally /E /R:1 /W:1
```

இதில் கம்பெனி எண் கிடையாது, மேல் ஃபோல்டர் மொத்தமும் போகிறது. அடுத்த ஏப்ரலில் புதிதாக எது வந்தாலும் தானாகச் சேர்ந்துகொள்ளும். கடைசி இரண்டும் எதற்கென்றால், ஒரு ஃபைல் திறந்திருந்து நகலெடுக்க முடியாவிட்டால் robocopy இயல்பாகப் பத்து லட்சம் தடவை, தடவைக்கு முப்பது வினாடி விட்டு முயலும். விடிய விடிய ஓடுகிறதே என்று நினைத்துக்கொண்டிருப்போம். டிஸ்க்கைச் செருகியே வைப்பதில்லை, ரான்சம்வேர் வந்தால் செருகியிருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மாதம் ஒரு ஞாயிறு, வீட்டு லேப்டாப்பில் அந்த நகலை இன்னொரு ஃபோல்டரில் போட்டுத் திறந்து பார்க்கிறேன். ஃபைல் அளவைப் பார்ப்பதில்லை. கடைசி பில் எண் என்ன, இந்த எலக்ட்ரீஷியனின் பாக்கி எவ்வளவு என்று இரண்டை மட்டும் கடையில் எழுதிக்கொண்டு வந்து ஒப்பிடுவேன். கால் மணி நேரம். 2022 ஏப்ரலில் ஒரே ஒரு தடவை இதைச் செய்திருந்தால், கடைசி பில் மார்ச் 31 என்று காட்டியிருக்கும்.

மஞ்சள் விளக்கு ஒருமுறை நன்றாக வேலை செய்தது. B டிஸ்க்கில் C5 எட்டு என்று வந்தது. (இந்தக் காலத்து டிஸ்க்குகளில் இது பெரும்பாலும் எட்டு எட்டாகத்தான் ஏறும்.) அடுத்த வாரம் பதினாறு. புது டிஸ்க் வாங்கி ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினேன், அவ்வளவுதான். இன்னொரு முறை விளக்கு ஏமாற்றிவிட்டது. கடைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்த எஸ்எஸ்டி, வெள்ளிக்கிழமை Good 96% என்று நீலமாக இருந்தது. திங்கள் காலை செத்துக் கிடந்தது. அந்தச் சதவீதம் எழுதி எழுதித் தேய்வதை மட்டும் சொல்கிறது, உள்ளே இருக்கும் சர்க்யூட் எரிந்தால் அதற்கு முன்கூட்டித் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலும் இந்தக் கதை உண்டு. 2007-ல் கூகுள் பொறியாளர்கள் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, பழுதானவற்றில் 56 சதவீதம் முக்கியமான நான்கு எண்களில் ஒன்றில்கூட அறிகுறி காட்டாமலே போயிருந்தன. ஆகவே மஞ்சள் வந்தால் நம்புங்கள், நீலத்தை நம்பாதீர்கள்.

அந்த எஸ்எஸ்டி போனதில் சனி, ஞாயிறு இரண்டு நாள் பில்கள், அறுபத்துச் சொச்சம், மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. ஒரு மதியம் போனது. அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் என்று வாரம் இருமுறை ஆக்கிவிட்டேன்.

கூட்டத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரர், "இதெல்லாம் கிளவுட்ல போட்டா முடிஞ்சதுல்ல?" என்று கேட்டார். நானும் மாதக் கடைசியில் ஒரு நகலை பாஸ்வேர்டு போட்டு ஏற்றி வைக்கிறேன். ஆனால் ஃபோல்டரைத் தானாக ஒத்திசைக்கும்படி விட்டால், இங்கே கெட்டுப்போன ஃபைல் அங்கேயும் போய் நல்லதன் மேல் உட்கார்ந்துவிடும். பழைய பதிப்பு எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வையுங்கள் என்றேன்.

இன்னொன்று கம்ப்யூட்டரே வேண்டாத வேலை. மாதக் கடைசியில் பற்றுப் பட்டியலை பிரிண்ட் எடுத்து வீட்டு பீரோவில் வைக்கிறேன். மொத்தம் நான்கு தாள். 18,400 சொன்ன எலக்ட்ரீஷியனின் பெயர் இப்போதும் முதல் தாளில்தான் இருக்கிறது, பாக்கி மட்டும் கூடியிருக்கிறது.