8,400 முகவரி, ₹42,000, "நூறு சதவீதம் மேட்ச்": தயவுசெஞ்சு யாரும் ஏமாறாதீங்க

நாற்பத்தி ரெண்டாயிரம் ரூபாய். முழுசா கட்டியாச்சு, பில்லும் கையில இருக்கு, ஆனா கஸ்டமர் முகவரிக்கெல்லாம் மேப் புள்ளி போட்டு வந்த ஷீட்டை நம்பி ஒரு பையனைக்கூட சர்வீசுக்கு அனுப்ப முடியல. கோபத்துல எழுதறேன், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. இந்த மாதிரி மாட்டிக்காம இருக்க என்ன பண்ணணும்னு கடைசியில வரிசையா சொல்றேன்.

எங்களுக்கு வாட்டர் பியூரிஃபையர் விற்பனையும் ஏஎம்சி சர்வீசும். சென்னை, காஞ்சிபுரம், வேலூர்னு கஸ்டமருங்க பரவிக் கிடக்காங்க. எக்செல் ஷீட்ல 8,400 வரி. பல வருஷமா பல கை டைப் பண்ணினது. ஒருத்தர் "பிள்ளையார் கோயில் எதிரில்"னு போட்டிருப்பார், இன்னொருத்தர் சென்னையோட பழைய எண், புதிய எண்ணை 12/27னு எழுதியிருப்பார், அதையே வேற ஒருத்தர் 27/12னு எழுதியிருப்பார். ஒவ்வொரு முகவரிக்கும் லாட்டிட்யூட், லாங்கிட்யூட் போட்டுட்டா, எந்த வீடு எந்தப் பையனுக்குன்னு ஏரியா பிரிச்சுக் குடுத்துடலாம். பெட்ரோல் செலவு பாதியாகும்னு கணக்கு.

ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கிற ஒரு தளம். அதுல டேட்டா வேலை எடுத்துச் செய்யற ஒரு ஏஜென்சி. பேர் சொல்லல, வக்கீல் வேண்டாம்னுட்டார். வரிக்கு அஞ்சு ரூபாய், மொத்தம் ₹42,000. பேசினவர் அவ்வளவு மரியாதை. முதல்ல சாம்பிள் பாருங்க சார், பிடிச்சா மட்டும் வேலை குடுங்கன்னார். முழு ஷீட்டையும் வாங்கி, அவங்களே அம்பது வரி எடுத்துப் போட்டு மறுநாளே அனுப்பினாங்க. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு, எல்லாம் கச்சிதம். வீடியோ கால்ல மேப்பைத் திறந்து, எங்க கடை மேல ஜூம் பண்ணி, "உங்க மொட்டை மாடி சார், தண்ணி டேங்க்கூட தெரியுது பாருங்க"ன்னார். தெரிஞ்சுது. என் கடை, என் டேங்க். அந்த நிமிஷத்துல தான் பணம் போனது, கட்டினது வேணா அப்புறமா இருக்கலாம்.

"எத்தனை முகவரி கிடைக்காமப் போகும்?"னு கேட்டேன். "ஒண்ணுகூட போகாது சார், நூறு சதவீதம் மேட்ச் கேரண்டி"ன்னார். இந்த வார்த்தையைத் தான் நீங்க எல்லாரும் ஞாபகம் வச்சுக்கணும், ஏன்னு கீழ வருது.

ஷீட் வந்துச்சு. 8,400 வரியிலயும் ரெண்டு எண், பக்கத்துல `OK`ன்னு ஒரு காலம். ஒரு வரிகூட காலி இல்ல.

ரெண்டாவது வாரம் எங்க டெக்னீஷியன் பையன் அடையாறு காந்தி நகர்ல நின்னுக்கிட்டு போன் பண்றான். "அண்ணே, மேப் இங்க தான் காட்டுது, கஸ்டமர் அம்மா காட்பாடியில இருக்கேங்கறாங்க." ஷீட்டைத் திறந்தா, முகவரியில தெளிவா இருக்கு: கிழக்கு மெயின் ரோடு, காந்தி நகர், 632006. அது வேலூர் பக்கம் காட்பாடி காந்தி நகர் பின்கோடு. அடையாறு காந்தி நகர்னா 600020. நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல. அதுக்கும் பக்கத்துல `OK`.

நம்ம ஊர்ல காந்தி நகர் இல்லாத தாலுகா உண்டா? அண்ணா நகர் சென்னையிலயும் இருக்கு, மதுரையிலயும் இருக்கு. அதைப் பிரிச்சுக் காட்டத் தானே பின்கோடு போடறோம்.

என் மச்சினன் ஐடி கம்பெனியில இருக்கான். முகவரி குடுத்தா மேப் புள்ளி குடுக்கற கூகுள் ஜியோகோடிங் ஏபிஐல அந்த முகவரியைப் பல விதமா போட்டுப் பார்த்தான். பின்கோடை எடுத்துட்டு, வீட்டு எண்ணையும் எடுத்துட்டு, வெறும் காந்தி நகரோட சென்னைன்னு சேர்த்துப் போட்டா, அவங்க ஷீட்ல இருந்த அதே புள்ளி தசமம் பிசகாம வருது. சமாச்சாரம் புரிஞ்சுது. முழு முகவரி மாட்டலைன்னா ஒவ்வொரு துண்டா வெட்டிட்டே போயிருக்காங்க, கடைசியில "சென்னை, தமிழ்நாடு"ன்னு ஒட்டியிருக்காங்க. அப்படி வெட்டினா ஏதோ ஒரு பதில் எப்பவும் வரும். ஒண்ணுமே மிஞ்சலைன்னாலும் ஊரோட நடுப்புள்ளியாவது வரும். நூறு சதவீத மேட்ச்சோட ரகசியம் இது தான்.

எத்தனை வரி அப்படின்னு பார்க்க அவன் சொன்ன ஃபார்முலா இது. H காலத்துல லாட்டிட்யூட், I காலத்துல லாங்கிட்யூட்:

```
=COUNTIFS($H$2:$H$8401,H2,$I$2:$I$8401,I2)
```

இதே புள்ளி ஷீட்ல எத்தனை தடவை வருதுன்னு ஒவ்வொரு வரிக்கும் சொல்லும். அபார்ட்மென்ட்னா பத்து, இருபது வரலாம், அது நியாயம். பெருசு மேல வர்ற மாதிரி வரிசைப்படுத்தினேன். 1,140 வரி ஒரே புள்ளியில: 13.0827, 80.2707. மேப்ல போட்டா சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம். எங்க கஸ்டமர்ல ஆயிரத்துச் சொச்சம் பேர் சென்ட்ரல்ல குடியிருக்காங்களாம்! அது சென்னைங்கற ஊர்ப் பேருக்கு மேப் குடுக்கற நடுப்புள்ளி, அவ்வளவு தான்.

இதுல கூகுள் மேல தப்பே இல்ல, அதையும் சொல்லிடறேன். அந்த ஏபிஐ பதில் குடுக்கும்போது, எவ்வளவு நம்பலாம்னும் சேர்த்தே சொல்லுது. `location_type`னு ஒரு விஷயம் வரும். `ROOFTOP`னா அந்தக் கட்டடமே. `RANGE_INTERPOLATED`னா ரெண்டு வீட்டு எண்ணுக்கு நடுவுல குத்துமதிப்பா போட்டது. `GEOMETRIC_CENTER`னா தெருவோட, ஏரியாவோட நடு. `APPROXIMATE`னா சும்மா சுமாரா. கேட்ட முகவரி முழுசா மாட்டாம ஒரு பகுதி தான் மாட்டுச்சுன்னா `partial_match`னு தனியா ஒரு குறிப்பு வரும். எதுவுமே கிடைக்கலைன்னா `ZERO_RESULTS`. அவங்க போட்ட `OK`க்கு அர்த்தம், ஏதோ ஒரு பதில் வந்துச்சுங்கறது மட்டும் தான். சரியான இடம்னு அர்த்தம் இல்ல. மத்த காலத்தையெல்லாம் அழிச்சுட்டு அதை மட்டும் விட்டு வச்சது தற்செயலா?

கேட்டதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? முதல்ல "உங்க அட்ரஸ் குவாலிட்டி சரியில்ல சார்". அட்ரஸ் ஒழுங்கா இருந்தா உனக்கு எதுக்கு நான் ₹42,000 குடுக்கணும்? அடுத்து, "மேட்ச் கேரண்டின்னு தான் போட்டிருக்கோம், அக்யூரசின்னு போடலையே". ஏபிஐ குடுத்த முழு பதிலை அப்படியே அனுப்புங்க, நாங்களே பிரிச்சுக்கறோம்னா, "அது எங்க இன்டர்னல் டேட்டா". அப்புறம் தான் பெரிய கூத்து: "பிரீமியம் வெரிஃபிகேஷன் இருக்கு சார், வரிக்கு மூணு ரூபாய் தான்." ஏமாத்தினதைச் சரி பண்ண இன்னும் ₹25,200! அதுக்கப்புறம் மெசேஜ் படிச்ச டிக் விழும், பதில் வராது.

தளத்துக்காரங்க கிட்டப் போனா, ஃபைல் வந்து குறிப்பிட்ட நாள் கழிச்சு பணம் தானா ரிலீஸ் ஆயிடும், அதுக்கப்புறம் டிஸ்ப்யூட் எடுக்க முடியாதாம். வேலை தப்புன்னு வெளிய தெரிஞ்சதே அந்தக் கெடு தாண்டின பிறகு தான். ஒவ்வொரு தடவையும் வேற பேர்ல ஒருத்தர், அதே பத்தி, "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்". நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க. வியாபாரத்துக்காக வாங்கின சேவைன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நாம நுகர்வோர் வரையறைக்குள்ள வர்றதே இழுபறி, சொந்தப் பிழைப்புக்கான தொழில்னு காட்டணும்னு வக்கீல் சொல்றார். பார்த்துட்டு இருக்கோம்.

இப்ப மச்சினன் ராத்திரியில உட்கார்ந்து திரும்பப் பண்றான். பின்கோடை முகவரியோட ஒட்டாம, வடிகட்டியா தனியா குடுக்கறான்:

```
https://maps.googleapis.com/maps/api/geocode/json?address=East+Main+Road,Gandhi+Nagar&components=country:IN|postal_code:632006&key=...
```

இப்படிக் குடுத்தா 632006ஐ விட்டு வேற ஊருக்குத் தாவாது. தெரு கிடைக்கலைன்னா பின்கோடு ஏரியாவோட நடுப்புள்ளியோ, `ZERO_RESULTS`ஓ வரும். ரெண்டுமே நேர்மையான பதில், நமக்குத் தெரியலைங்கறதாவது தெரியுதே. திரும்பி வர்ற `formatted_address`ஐயும் ஒரு காலத்துல வச்சுக்கறான். D நம்ம பின்கோடு, J திரும்பி வந்த முகவரின்னா:

```
=ISNUMBER(SEARCH(SUBSTITUTE(D2," ",""),J2))
```

`FALSE` வந்தா பின்கோடு ஒத்துப்போகலைன்னு அர்த்தம், தனியா எடுத்துப் பார்க்கணும். அதுக்காக `FALSE` எல்லாமே தப்புன்னும் இல்ல. நம்ம ஷீட்லயே பின்கோடு தப்பா இருக்கலாம், பதில்ல பின்கோடே வராமலும் போகலாம்.

`ROOFTOP` வந்து, `partial_match` இல்லாம, பின்கோடும் ஒத்துப்போனா நேரா ரூட்டுக்குப் போகுது. தெரு நடுவுல விழுந்தது பையனுக்கு ஏரியா பிரிக்க மட்டும் போதும், வாசலைக் கண்டுபிடிக்க போன் பண்ணிக்கணும். மிச்சம் எல்லாத்தையும் காலியா விட்டுட்டு, எங்க ஆபீஸ் பொண்ணு கஸ்டமருக்கு போன் போட்டு வாட்ஸ்அப்ல லொகேஷன் அனுப்பச் சொல்றா. வீட்டுல இருந்தே அனுப்புங்கன்னு சொல்லணும். ஒருத்தர் ஆபீஸ்ல உட்கார்ந்து அனுப்பி, அங்க போய் நின்னான் பையன். மெதுவான வேலை தான், ஆனா வர்ற புள்ளி நிஜமான புள்ளி.

வரிசையா சொல்றேன்னேன், இப்ப அவ்வளவு பொறுமை இல்ல. அவசரத்துக்கு இது:

நூறு சதவீதம் மேட்ச்னு எவனாவது சொன்னா போனை வச்சிடுங்க. நம்ம ஊர் முகவரிக்கு அது நடக்கவே நடக்காது.

சாம்பிளை அவங்க எடுக்க விடாதீங்க. உங்க ஷீட்ல இருக்கறதுலயே மோசமான அம்பதை நீங்க பொறுக்கிக் குடுங்க. கோயில் எதிரில், காந்தி நகர், ஊர் பேர் இல்லாதது, எல்லாம் அதுல இருக்கட்டும்.

`location_type`, `partial_match`, `formatted_address` மூணும் ஷீட்ல இருக்கணும், கிடைக்காத வரி காலியா இருக்கணும்னு எழுத்துல வாங்குங்க.

ஃபைல் வந்த அன்னைக்கே மேல இருக்கற `COUNTIFS`ஐ ஓட்டுங்க, பணம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடி.

இந்த மாதிரி தளத்துல ரிலீஸ் ஆன பணத்தை யாராவது திரும்ப வாங்கியிருந்தா, எப்படின்னு கீழ சொல்லுங்க. ₹42,000ங்க. இன்னிக்கு மறுபடியும் எழுதினேன், "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு தான் வந்திருக்கு.