கார் ஷெட்டுக்கு எபாக்சி போடச் சொல்லியிருக்கிறீர்களா? டப்பாவை எண்ணிப் பாருங்கள்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கார் ஷெட் 12 அடிக்கு 20 அடி. தரை, சிமென்ட் பால் ஊற்றி வழவழவென்று தேய்த்தது. 2 மி.மீ. கனத்தில் எபாக்சி தரைப்பூச்சு போட்டுத் தருவதாகப் பேசி, சதுர அடிக் கணக்கில் பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டார் ஒரு காண்ட்ராக்டர். இப்போது வெயிலில் ஓடி வந்த காரை நிறுத்தி எடுத்தால், டயர் நின்ற இடத்தில் பூச்சு தோலாக உரிந்து வருகிறது.

உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாகச் சிமென்ட் பொடி ஒட்டியிருந்தது. தரையை கிரைண்டிங் செய்யவே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. மேலே இருக்கும் அந்த மெல்லிய பால் படலத்தை எடுத்துவிட்டு, பிரைமரைத் தரை குடிக்கும்படி பூச வேண்டும். எங்கள் ஷெட்டில் அந்தப் பிரைமரும் இல்லை. "தின்னர் கலந்து முதல் கோட் அடிக்கிறோம்ணே, அதுதான் பிரைமர்" என்றார்கள். வேலைக்கு முன் தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்து முத்தாக நின்றால் அந்தத் தரை இன்னும் தயாராகவில்லை.

அடுத்தது கனம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றிப் பரப்பினால் 1 மி.மீ. வரும். எங்கள் 240 சதுர அடி என்பது சுமார் 22.3 சதுர மீட்டர். அப்படியென்றால் 2 மி.மீ.க்கு ஏறக்குறைய 45 லிட்டர் வேண்டும். எபாக்சி என்பது இரண்டு டப்பாவைக் கலந்து போடுவது. வந்து இறங்கியது ரெசின் 12, அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் 4, ஆக 16 லிட்டர். வகுத்துப் பார்த்தால் 0.7 மி.மீ.தான் தேறும். அதில் கலந்திருக்கும் தின்னர் ஆவியாகிப் போனால் இன்னும் குறையும். உரிந்த துண்டை லேத் பட்டறையில் வெர்னியர் வைத்துப் பார்த்தோம், அரை மி.மீ.கூட சரியாக இல்லை.

எனக்கு ரொம்பக் கோபம் வருவது கலவையை நினைத்தால்தான். டப்பாவில் அளவுப்படி 3:1 என்று போட்டிருக்கிறது. அந்தப் பையன் மக்கில் கண்ணளவாக ஊற்றினான். "ஹார்டனர் கூட ஊத்துனா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும்ணே" என்றான். எபாக்சி பெயின்ட் போல வெறுமனே காய்வதில்லை. ரெசினும் ஹார்டனரும் குறிப்பிட்ட விகிதத்தில் ஒன்றோடொன்று பிணைந்துதான் கெட்டியாகும். எது மிஞ்சினாலும் அது பிணையாமல் உள்ளேயே தங்கி, பூச்சை மெத்தென்று ஆக்கிவிடும். வாசல் பக்கம் நகத்தால் அழுத்தினால் இன்றைக்கும் தடம் விழுகிறது. அங்கே அள்ளி ஊற்றியதால் கடைசி வாளிக்கு ஹார்டனர் பற்றவில்லை, பின்மூலை இன்னும் பிசுபிசுக்கிறது. டப்பாவில் எடைப்படி என்று இருந்தால் தராசு, அளவுப்படி என்றால் கோடு போட்ட வாளி. இரண்டையும் மாற்றிப் போட்டாலும் விகிதம் தப்பிவிடும்.

இப்போது "மேலே இன்னொரு கோட் அடித்துத் தருகிறேன்" என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேகாத பூச்சுக்கு மேல் எதைப் போட்டாலும் அதுவும் சேர்ந்தே உரியும். முழுவதையும் சுரண்டி, சிமென்ட் தெரிய கிரைண்டிங் செய்து, பிரைமரிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் செலவு அவருடையது என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.