காக்லியர் இம்பிளான்ட் நீண்ட காலப் பயன்பாடு: குரல் ஏன் கீச்சென்று தொடங்குகிறது, சுருதி ஏன் பிடிபடுவதில்லை

பேசிப் பழகிய பிறகு செவித்திறனை இழந்த பெரியவர்களுக்கு இம்பிளான்ட் பொருத்தி ஸ்விட்ச் ஆன் செய்யும் நாளில், “எல்லாரும் கார்ட்டூன் பொம்மை மாதிரி பேசுறாங்க” என்ற பேச்சு அடிக்கடி வரும். ஆண் குரலும் பெண் குரலும் ஒன்றுபோல் மெலிந்து, கீச்சென்று கேட்கும். கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்காதில் செருகும் கம்பியின் மீதுள்ள மின்முனைகள், அதாவது எலெக்ட்ரோடுகள், போய் நிற்கும் இடம்தான் அந்தக் குரலை உண்டாக்குகிறது.

காதுக்குள் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுருண்டிருப்பது காக்ளியா. அதன் நீளம் முழுக்க ஓடும் அடிச்சவ்வை விரித்தால் சுமார் 35 மி.மீ. இருக்கும். நடுக்காது பக்கம் இருக்கும் அடிமுனையில் அது குறுகலாக, விறைப்பாக இருக்கிறது. சுருளின் உச்சிக்குப் போகப் போக அகன்று, தளர்ந்துவிடுகிறது. ஒலி உள்ளே வந்ததும் சவ்வின் மீது ஒரு அலை அடியிலிருந்து உச்சி நோக்கி ஓடும். கீச்சு ஒலியின் அலை அடியருகிலேயே உச்சம் தொட்டு அடங்கிவிடும், கனத்த ஒலியின் அலை உச்சி வரை போகும். எந்த இடம் அதிகம் அசைகிறதோ, அந்த இடம்தான் மூளைக்குச் சுருதி. இந்த ஓடும் அலையைக் கண்டறிந்த பெக்கேசிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வின் மேல் ஒற்றை வரிசையில் சுமார் 3,500 உள் மயிர்செல்கள் நிற்கின்றன. அதாவது ஒரு மி.மீ.க்கு ஏறக்குறைய நூறு. சவ்வு அசையும்போது செல்லின் தலையில் உள்ள மயிர்க்கற்றை உயரமான பக்கம் சாயும். மயிர்களின் நுனிகளை இணைக்கும் நுண்ணிழை இழுபட்டு வாசல் திறக்கும், வெளியே உள்ள திரவத்திலிருந்து பொட்டாசியம் உள்ளே பாயும். அதனால் செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் நுழைந்து, அடியில் குளூட்டமேட் கொட்டும். அதை வாங்கும் நரம்பிழை துடிக்கும். வெளி மயிர்செல்கள் சுமார் 12,000. அவை தாமே சுருங்கி விரிந்து சவ்வின் அசைவைப் பெருக்குகின்றன, உச்சத்தையும் கூர்மையாக்குகின்றன. பெரும்பாலான காது கேளாமையில் செத்துப்போவது இந்த மயிர்செல்கள்தான், நரம்பு பல வருடம் மிஞ்சி நிற்கும். இம்பிளான்ட் அந்தச் செல்களைத் தாண்டி நேராக நரம்பைத் தூண்டுகிறது.

இப்போது கீச்சுக்குரலுக்கு வருவோம். 22 எலெக்ட்ரோடு கொண்ட ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் கம்பி அடியிலிருந்து 22 மி.மீ. உள்ளே போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உச்சியிலிருந்து பார்த்தால் அதன் நுனி 13 மி.மீ. தள்ளி நிற்கிறது. இயற்கையில் எந்த இடத்துக்கு எந்த அதிர்வெண் என்பதைக் கணக்கிட கிரீன்வுட் சூத்திரம் பயன்படும்:

F = 165.4 × (10^(2.1x) − 0.88)

இதில் x என்பது உச்சியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதன் பங்கு. இங்கே 13/35, அதாவது 0.37. விடை சுமார் 850 ஹெர்ட்ஸ். ஆனால் மேப் எனப்படும் கருவியின் வழக்கமான அமைப்பில், காதுக்கு வெளியே அணியும் பிராசஸர் அந்த நுனி எலெக்ட்ரோடுக்கு அனுப்புவது 188 முதல் 313 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. நடுவில் 250 என்று கொண்டால், கனத்த குரலை மூளை ஒன்றே முக்கால் ஸ்தாயி மேலே இருக்கும் ஒலியாக வாங்கிக்கொள்கிறது. எலெக்ட்ரோடு எவ்வளவு ஆழம் போகிறது என்பது ஆளுக்கு ஆள், கம்பிக்குக் கம்பி மாறும். அதனால் ஒரே நாளில் ஸ்விட்ச் ஆன் ஆன இருவருக்கும் கீச்சின் அளவு ஒன்றாக இருக்காது.

நீண்ட காலப் பயன்பாட்டில் இந்த இடைவெளி சுருங்குகிறது. மறுகாதில் அல்லது அதே காதில் கொஞ்சம் இயற்கைக் கேட்பு மிஞ்சியவர்களிடம், ஒரே எலெக்ட்ரோடு தரும் சுருதியின் உணர்வு மாதக்கணக்கில் இறங்கி, சிலருக்கு இரண்டு ஸ்தாயி வரை மாறியது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கம்பி நகரவில்லை, மூளைதான் முகவரியைத் திருத்திக்கொண்டது. நாள் முழுக்கப் போட்டிருப்பவர்களுக்குத்தான் இது ஒழுங்காக நடக்கும். முதல் சில வாரங்களிலேயே “குரல் சரியில்லை” என்று அதிர்வெண் பங்கீட்டை மாற்றச் சொன்னால், மூளை பழகிய முகவரி மறுபடி கலையும். ஒலி அளவுகளைத் திருத்துவது வேறு, இதைத் தொடுவது வேறு. முன்பே கேட்டறியாமல் இம்பிளான்ட் பெறும் குழந்தைகளிடம் இந்தக் கீச்சுப் புகார் வராது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் பழைய வரைபடம் இல்லை.

பேச்சு தேறிய பிறகும் இசை தேறாது, இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. 1 கட்டையில் ஸ 261.6 ஹெர்ட்ஸ், சதுஸ்ருதி ரி 293.7 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். இயற்கைக் காதில் இந்த இரண்டுக்கும் சவ்வில் அரை மி.மீ. இடைவெளி உண்டு, நடுவே ஐம்பது உள் மயிர்செல்கள் நிற்கும். மேலும் நரம்பு ஒவ்வொரு அதிர்வோடும் ஒட்டித் துடிப்பதால் நேரக் கணக்கும் துணை வரும். நம் கருவியில் இரண்டு ஸ்வரமும் அந்த ஒரே நுனி எலெக்ட்ரோடில் விழுகின்றன. அந்தர காந்தாரம் (329.6) அடுத்த எலெக்ட்ரோடுக்குப் போகும், அதே எலெக்ட்ரோடில் சுத்த மத்யமமும் பஞ்சமமும் சேர்ந்து விழும். வடிகட்டிகள் சற்றே ஒன்றின் மேல் ஒன்று படிவதாலும், மேல் ஹார்மானிக்குகள் வேறு எலெக்ட்ரோடுகளில் விழுவதாலும் சிறு வேறுபாடு தெரியும், அவ்வளவுதான். துடிப்புகளும் நொடிக்கு 900 போன்ற நிலையான வேகத்தில் போவதால் ஸ்வரத்தின் சொந்த நேரக் கணக்கு மழுங்கிவிடும். எலெக்ட்ரோடு 22 இருந்தாலும் மின்சாரம் உப்புத் திரவத்தில் பரவி அக்கம்பக்க நரம்புகளையும் தொடும். நடைமுறையில் தனித்தனியாகப் பயன்படுபவை எட்டு வழிகள் போலத்தான். தாளம் நன்றாகக் கிடைக்கும், ராகம் கிடைக்காது. தெரிந்த பாட்டை வரிகளோடு கேட்பதே திருப்தி தரும்.

வருடங்கள் போனபின் திடீரென்று குரல்கள் மாறினால் எலெக்ட்ரோடு ஏதாவது அணைக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு எலெக்ட்ரோடின் இம்பிடன்ஸ் எனும் மின்தடை ஏறிவிட்டாலோ, அது முகநரம்பைத் தூண்டிக் கண் துடிக்க வைத்தாலோ ஆடியாலஜிஸ்ட் அதை அணைப்பார். அணைத்ததும் மென்பொருள் மொத்த அதிர்வெண்களையும் மீதி 21-க்குப் பங்கிட்டுவிடும். அக்கம்பக்க எலெக்ட்ரோடுகளின் முகவரியும் நகரும், பழக மறுபடி சில வாரங்கள் பிடிக்கும். எந்த எண் அணைக்கப்பட்டது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் அறுவையின்போதே நேர்வது, தொடக்கத்திலிருந்தே இருக்கும். கம்பியின் நுனி உள்ளே மடங்கிவிட்டால் நுனி எலெக்ட்ரோடுகள் திரும்பி மேல் சுருதி இடத்தில் உட்காரும். இம்பிடன்ஸ் எல்லாம் சரியாகவே காட்டலாம், ஆனால் சுருதி வரிசை தலைகீழாகும். எக்ஸ்-ரேயில் மடிப்பு தெரியும்.

வீட்டில் இதற்கு ஒரு சிறு சோதனை செய்யலாம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் வைத்து 250, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒவ்வொன்றும் ஒரு நொடி மட்டும் ஸ்பீக்கரில் ஒலிக்கவிடுங்கள். நீளமாக விட்டால் பிராசஸரின் இரைச்சல் குறைப்பு அதை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மேலே கேட்க வேண்டும். எங்காவது வரிசை இறங்கினாலோ, ஒரு ஒலி மட்டும் ‘ஜிர்ர்’ என்று கலங்கினாலோ அந்த எண்ணைக் குறித்து வைத்து அடுத்த மேப்பிங்குக்குக் கொண்டுபோங்கள். அங்கே ஆடியாலஜிஸ்ட் அந்தப் பகுதியின் எலெக்ட்ரோடுகளைத் தனித்தனியாகத் தூண்டி, எது உயரம் எது தாழ்வு என்று கேட்டு உறுதி செய்வார்.